ஒரு வரிக்குள் ஆறு வருடம்



சென்ற மாதம் பக்கத்து வீட்டுப் பெண் தன் பயோடேட்டாவைக் காட்ட வந்தாள். நூற்பாலை ஒன்றின் உதிரிபாக ஸ்டோரில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறாள். வேறோர் ஆலையில் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் தேவை என்று விளம்பரம் வந்திருந்தது. இருப்புக் கணக்கு துல்லியமாக இருக்க வேண்டும் என்பதுதான் அதில் முதல் நிபந்தனை. இவள் எழுதியிருந்த வரி, "ஸ்டோர்ஸ் கணக்குகளைப் பராமரித்தல்". அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவருக்கும் அது அப்படியே பொருந்தும்.

"நீ வந்த பிறகு அங்கே என்னம்மா மாறியது?" என்று கேட்டேன்.

"பெரிதாக ஒன்றுமில்லை மாமா. வருடத்துக்கு ஒருமுறை எண்ணியதை வாரம் ஒரு ரேக்காக எண்ண ஆரம்பித்தேன்."

சொல்ல வேண்டியது அதுதான். தோண்டிக் கேட்டதில் கணக்கு வந்தது. மொத்தம் 1,200 வகை உதிரிபாகங்கள். முன்பு எண்ணியபோது 96 வகைகளில் கணக்கும் கையிருப்பும் ஒத்துப்போகவில்லை. பத்து மாதம் கழித்து அது 24 ஆனது. புது வரியை இருவருமாக எழுதினோம்:

"வாரம் ஒரு ரேக் எண்ணும் முறையைத் தொடங்கி, 1,200 வகைகளில் கணக்கு ஒத்துப்போகாதவற்றை 10 மாதங்களில் 96-லிருந்து 24 ஆகக் குறைத்தேன்."

என்ன செய்தாள், எவ்வளவு பெரிய ஸ்டோர், எவ்வளவு காலத்தில் என்ன மாறியது என எல்லாம் இதில் இருக்கிறது. "75 சதவீதம் குறைத்தேன்" என்று மட்டும் எழுதியிருந்தால், நான்கு பிழை ஒன்றாகக் குறைந்ததா, 96 பிழை 24 ஆனதா என்று படிப்பவருக்குத் தெரியாது. சதவீதம் போட்டால் அடிப்படை எண்ணும் கூடவே வர வேண்டும்.

இரண்டாவது வேலை, வரிசையை மாற்றியது. ஆண்டு விழா ஏற்பாடு செய்ததை அவள் மேலே வைத்திருந்தாள். அவளுக்கு அது பெருமைதான். ஆனால் விளம்பரம் கேட்டது அதை அல்ல. இருப்புக் கணக்கு வரி முதலிடத்துக்கு வந்தது.

ஒரு எச்சரிக்கையும் சொன்னேன். நேர்காணலில் "96 என்று எப்படித் தெரியும்?" என்று கட்டாயம் கேட்பார்கள். எண்ணிய விதத்தை விளக்க முடியாத எண்ணை எழுதவே கூடாது. சரியாக நினைவில்லை என்றால் "சுமார் 100" என்று எழுதுவது நேர்மை. நான்கு பேர் சேர்ந்து செய்ததென்றால், அதில் தன் பங்கு எது என்று சொல்ல வேண்டும். எண்ணே கிடைக்காத வேலையில் முன்பு எப்படி நடந்தது, இப்போது எப்படி நடக்கிறது என்று எழுதினாலும் போதும்.

அவளிடம் அந்த 96 இருந்ததற்குக் காரணம், புது முறையைத் தொடங்கும் முன் எண்ணியதை டைரியில் குறித்து வைத்திருந்ததுதான். பழைய நிலை தெரியாவிட்டால் மாற்றத்தை அளக்க முடியாது. புதிதாக ஒரு வேலையை மாற்றத் தொடங்குகிறீர்களா? தொடங்கும் முன் இன்றைய எண்ணைக் குறித்து வையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்