பரிந்துரைப் பரிசுக்கு எது அளவுகோல்?

செயலி நிறுவனங்களிடையே ஒரு கணக்கு வழக்கத்தில் உள்ளது. விளம்பரத்தால் ஒரு வாடிக்கையாளரைப் பெற 300 ரூபாய் ஆகிறது என்றால், நண்பரை அழைத்து வருபவருக்கும் வருபவருக்கும் தலா 150 ரூபாய் கொடுத்தாலும் நட்டமில்லை என்பதே அது. 2017-இல் வெளியான கூகுள் தேஸ், இருவருக்கும் தலா 51 ரூபாய் வழங்கியது பலருக்கு நினைவிருக்கும். இவ்வாறு இருபுறமும் பரிசளிப்பதில் பிழையில்லை. தொகையை விளம்பரச் செலவுக்கு நேராக நிறுத்துவதில்தான் பிழை இருக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். மளிகைப் பொருள் விற்கும் செயலி ஒன்று, ஏறத்தாழ ஒத்த இரு நகரங்களில் ஒன்றில் மட்டும் பரிசை அறிவிக்கிறது. பரிசில்லாத நகரில் ஒரு மாதத்தில் 190 பேர் புதிதாகச் சேர்கிறார்கள். பரிசுள்ள நகரில் 250 பேர். ஆனால் அந்த 250 பேரில் பரிந்துரைக் குறியீட்டோடு வந்தவர்கள் 100 பேர். பரிசு கூட்டித் தந்தவர்களோ 60 பேர்தான். எஞ்சிய 40 பேர் எப்படியும் வந்திருப்பார்கள். சேரும் வேளையில் நண்பரிடம் குறியீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவே.

பரிசோ நூறு பேருக்கும் போகிறது. மொத்தம் 30,000 ரூபாய். அதை 60-ஆல் வகுத்தால், உண்மையில் கூடுதலாக வந்த ஒருவருக்கு 500 ரூபாய் ஆகிறது. மலிவு என்று நம்பப்பட்ட வழி, விளம்பரத்தைவிட விலை உயர்ந்ததாகிவிடுகிறது. 300 ரூபாய்க்குள் அடங்க வேண்டுமானால், இருவருக்குமான பரிசு சேர்ந்து 180 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதாவது தலா 90.

விளம்பரத்தின் பக்கமும் இதே நேர்மை தேவை. 60,000 ரூபாய் செலவில் 200 பேர் வந்ததால் 300 ரூபாய் என்கிறோம், அது சராசரி. மேலும் 30,000 ரூபாய் செலவிட்டு 60 பேர்தான் கிடைத்தால், அடுத்த வாடிக்கையாளரின் விலை 500 ரூபாய். ஒப்பிட வேண்டியது இந்த அடுத்தவரின் விலையோடுதான். அப்போது தலா 150 ரூபாய்கூட நியாயமாகிவிடலாம். விளம்பரத்தைக் கண்டு வந்தவர்களிலும் எப்படியும் வந்திருக்கக்கூடியவர்கள் உண்டு என்பதையும் மறக்கலாகாது.

இந்த ஒப்பீடு சொல்வது ஓர் உச்சவரம்பு மட்டுமே. வாடிக்கையாளரால் கிடைக்கும் இலாபம் அதற்கும் கீழே இருந்தால் அந்த இலாபமே வரம்பு. தொகை ஏற ஏற, ஒரே வீட்டில் இரண்டு எண்களைப் பதிந்து தமக்குத் தாமே பரிந்துரை செய்துகொள்வோரும் பெருகுவார்கள். பதிவு செய்த உடனே பரிசைத் தராமல், இரண்டாவது கொள்முதல் முடிந்தபின் தருவது இதைப் பெரிதும் தடுக்கும். குறியீட்டோடு வந்தவர்களின் எண்ணிக்கையை மட்டும் காட்டி வெற்றி என்று அறிவிக்கும் நிறுவனத்திடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: பரிசு இல்லாத நகரில் எத்தனை பேர் வந்தார்கள்?