மீறலும் தண்டனையும்: வைக்கம் தரும் அளவுகோல்

களியக்காவிளையில் தேசிய நெடுஞ்சாலை மறிக்கப்படும்போது நடப்பது என்ன என்பது இப்பகுதியினர் அனைவருக்கும் தெரியும். போராட்டக்காரர்கள் கைது செய்யப்பட்டு, ஒரு கல்யாண மண்டபத்தில் வைக்கப்பட்டு, மாலையில் விடுவிக்கப்படுகிறார்கள். இதனைச் சட்டமறுப்பு என்று அழைப்பது சரியா? நியாயமற்ற சட்டத்தை மீறுவதை எப்போது ஆதரிக்கலாம்? இக்கேள்விக்கு விடை தேட வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. 1956 நவம்பர் 1-க்கு முன் இங்கே மாநில எல்லை கிடையாது; நாமும் வைக்கமும் ஒரே திருவிதாங்கூர் சமஸ்தானம்.

வைக்கம் மகாதேவர் கோயிலைச் சுற்றிய பொதுச் சாலைகளில் ஈழவர், புலையர் உள்ளிட்டோர் நடப்பது தடுக்கப்பட்டிருந்தது. மனுக்களும் சட்டமன்ற முறையீடுகளும் பலனளிக்காத நிலையில், 1924 மார்ச் 30 அன்று சத்தியாக்கிரகம் தொடங்கியது. ஒரு புலையர், ஓர் ஈழவர், ஒரு நாயர் என மூவர், தடைப் பலகையைக் கடந்து நடக்க முயன்று கைதாகிச் சிறை சென்றனர். அடுத்தடுத்த நாள்களிலும் இது தொடர்ந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, மீறப்பட்ட விதியும் எதிர்க்கப்பட்ட அநீதியும் ஒன்றே என்பது. நடக்கக்கூடாது என்ற சாலையில் அவர்கள் நடந்தார்கள், அவ்வளவுதான். வேறு யாருடைய வழியும் அதனால் அடைபடவில்லை.

இரண்டு வாரங்களுக்குள் அரசு தந்திரத்தை மாற்றியது. சாலையில் நடக்க வருவோரைக் கைது செய்வதை நிறுத்தி, தடுப்பு வேலி அமைத்தது. தண்டனையே இல்லையென்றால் தண்டனையை ஏற்பது எப்படி? வேலியைத் தாண்டலாமே என்ற யோசனை எழுந்தபோது, அது வன்முறையே என்று காந்தி மறுத்தார். எதிர்ப்பவரைப் பணியவைக்கும் உண்ணாவிரதத்தையும் அவர் ஏற்கவில்லை. ஆகவே தொண்டர்கள் வேலிக்கு முன்னால் அமர்ந்தார்கள். மழை வெள்ளத்தில் நின்றார்கள். தலைவர்கள் பேச்சுத் தடையை மீறிக் கைதானார்கள். பெரியார் இருமுறை சிறை சென்றார். எதிர்த்தரப்பின் அடியாட்கள் தாக்கியபோதும் தொண்டர்கள் கை ஓங்கவில்லை.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் நான் ஒரு வேறுபாட்டைச் சுட்டுவேன். அபராதத்தைக் கட்டிவிட்டு வண்டியை நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்துபவர், அபராதத்தை ஒரு விலையாகக் கருதுகிறார். அவர் சொந்த வசதியை வாங்குகிறார். சத்தியாக்கிரகி செலுத்துவது விலை அல்ல, சான்று. தனக்கு லாபம் எதுவும் இல்லாத இடத்தில் சிறையை ஏற்பதன் மூலம், 'நான் சட்டத்தின் ஆட்சியை மறுக்கவில்லை, இந்த ஒரு விதியைத்தான் மறுக்கிறேன்' என்று நடுநிலையாளரை நம்பவைக்கிறார்.

அந்தச் சான்று வேலை செய்தது. 1924 நவம்பரில் மன்னத்து பத்மநாபன் தலைமையில் வைக்கத்திலிருந்தும், டாக்டர் எம்.இ. நாயுடு தலைமையில் நாகர்கோவில் பகுதியிலிருந்தும் உயர்சாதியினரே திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகச் சென்றார்கள். சாலைகளைத் திறக்கக் கோரி 25,000-க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட மனு மகாராணி ரீஜென்ட்டிடம் அளிக்கப்பட்டது.

ஆனால் இம்முறையின் வரம்பையும் மறைக்கக்கூடாது. 1925 பிப்ரவரியில் சட்டமன்றத் தீர்மானம் ஒரே வாக்கில் தோற்றது. அவ்வாண்டு இறுதியில் போராட்டம் முடிந்தபோது மூன்று புறச் சாலைகள்தான் திறந்தன. கிழக்குச் சாலை மூடியே இருந்தது. ஆலயப் பிரவேசப் பிரகடனம் வர 1936 நவம்பர் 12 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருப்பின் சுமை முழுவதும் ஒடுக்கப்பட்டவர் தோளிலேயே விழுந்தது.

இந்த அளவுகோலால் சாலை மறியலை அளந்தால், அது பெரும்பாலும் தேறாது. அங்கே மீறப்படும் போக்குவரத்து விதி அநீதியானதல்ல. துன்புறுவது ஆம்புலன்சில் இருப்பவர். பொதுவழிகளைக் காலவரையின்றி ஆக்கிரமிக்க முடியாது என்று 2020 அக்டோபரில் ஷாஹீன் பாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதை இக்கோணத்தில் என்னால் ஏற்க முடிகிறது.

எனினும் அளவுகோல் அரசுக்கும் பொருந்தும். தண்டனையை ஏற்பது என்றால் செய்த செயலுக்குரிய தண்டனையை ஏற்பது. செய்யாத குற்றத்துக்குரியதை அல்ல. கூடங்குளத்தில் அணு உலையை எதிர்த்த ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோகப் பிரிவில் வழக்குகள் பதியப்பட்டன. போராடியவர்கள் மீதான குற்ற வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்று 2013 மே மாதம் உச்ச நீதிமன்றமே கூறியது. அமர்ந்திருந்தவரைத் துரோகி என்று குறிக்கும்போது, நேர்மையாகக் கைதாகத் துணிபவருக்கு இருக்கும் வழியை அரசே அடைக்கிறது.

எனவே போராடுவோரிடம் இரண்டு கேள்விகள்: நீங்கள் மீறும் விதிதான் அநீதியா? அதற்கான சிறையை வெளிப்படையாக ஏற்பீர்களா? அரசிடம் ஒரு கேள்வி: நீங்கள் சுமத்தும் குற்றம் அவர்கள் செய்ததுதானா? மண்டபத்துக் கைதும் தேசத்துரோக வழக்கும் எதிரெதிரானவையாகத் தோன்றினாலும், இரண்டும் ஒரே காரியத்தைச் செய்கின்றன: செயலுக்கும் தண்டனைக்கும் இடையிலான தொடர்பை அறுத்துவிடுகின்றன. அத்தொடர்பு அறுந்தபின் சட்டமறுப்பு வெறும் சடங்காகவோ அபாயமாகவோ எஞ்சுமே தவிர, யாருடைய மனசாட்சியையும் தொடாது.