பட்டன் போனுக்கும் சேதி போகட்டும்

போன சம்பாப் பட்டத்துல எங்க குழுவுல ஒருத்தருக்குக் களை எடுக்கக் கூடுதலா ஆள் கூலி கொடுக்க வேண்டி வந்தது. ஒற்றை நாற்று நடவு செய்தவர். குழுவுக்குப் பொதுவான கோனோவீடர் யார் வயலுக்கு என்றைக்கு வரும் என்ற பட்டியலை வாட்ஸப்பில் போட்டோம். அவரிடம் இருப்பது பட்டன் போன். முறை வந்தது அவருக்குத் தெரியாமலே கருவி அடுத்த வயலுக்குப் போய்விட்டது. பத்து நாள் களை இருபது நாள் களையாகி வேர் பிடித்தபின் கருவி உருட்டினாலும் மடங்குவதில்லை. களைக்கொல்லி அடிக்கிறவருக்கு நாள் தவறினால் மருந்து இருக்கிறது. நமக்கு அந்த வசதி கிடையாது, தேதிதான் மருந்து.

பிழை அவருடையது இல்லை, எங்களுடையது என்பதே என் கருத்து. வங்கியில் கடன் தவணை நாளை டைரியில் குறித்து வைத்து முன்கூட்டியே கடிதம் போடுவோம். அந்தப் பழக்கத்தில் இந்தப் பட்டத்துக்கு ஒரு நோட்டுப் போட்டேன். பெயர், நம்பர், நட்ட தேதி, அதிலிருந்து 10, 20, 30, 40ஆம் நாள். முதல் நாளே சேதி போகும். நெட்டும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம். சாதாரண எஸ்.எம்.எஸ். போதும்.

முதலில் நான் அனுப்பியது இது:

"வணக்கம் அண்ணே. நீங்க நட்டு நாளையோட பத்து நாள் ஆகுது. காலையில கோனோவீடர் ஓட்டிடுங்க."

மரியாதையான சேதிதான். ஆனால் அவர் போனில் இரண்டு துண்டாக வந்து நின்றது. முதல் துண்டு "கோனோவீ" என்று முடிய, அடுத்தது "டர் ஓட்டிடுங்க" என்று தொடங்கியது. காரணம் இதுதான்: ஆங்கில எழுத்தில் ஒரு சேதிக்கு 160 எழுத்து இடம் உண்டு, தமிழில் எழுதினால் 70தான். அதிலும் கால், கொம்பு, புள்ளி ஒவ்வொன்றும் தனிக் கணக்கு. 'நாள்' என்பது நமக்கு இரண்டு எழுத்து, போனுக்கு நான்கு. என் சேதி 82 ஆகிவிட்டது. 70ஐத் தாண்டினால் 67, 67ஆக வெட்டி அனுப்பும். புதிய போன் ஒட்டிக் காட்டிவிடும். சில பழைய போன்கள் காட்டுவதில்லை. அதனால் இப்போது இப்படி அனுப்புகிறேன்:

"நாளை 10ம் நாள். காலையில் கோனோவீடர். கொஞ்சம் தண்ணீர் நிறுத்தவும்."

இது 64. வணக்கத்தை நேரில் சொல்லிக்கொள்கிறோம். தண்ணீர் இல்லாத வயலில் கருவி உருளாது. ராத்திரியே தண்ணீர் கட்ட வேண்டும். அதனால் முதல் நாள் மதியம் சேதி போய்ச் சேர்கிற மாதிரி வைத்திருக்கிறேன். என் போனில் உள்ள கூகுள் மெசேஜஸில் அனுப்பும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் நாள், நேரம் கேட்கும். நாற்பது நாளுக்கான நான்கு சேதியையும் நட்ட அன்றே எழுதி வைத்துவிடலாம். அந்த நேரத்தில் என் போன் சிக்னலோடு ஆனில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சிலர் போனில் தமிழ் வெறும் கட்டங்கட்டமாகத் தெரியும். அதனால் நம்பர் வாங்கும்போதே ஒரு சோதனைச் சேதி அனுப்பி, கிட்டே நின்று படிக்கச் சொல்லிக் கேட்கணும். கட்டமாக வந்தால் "Naalai 10m naal. Cono weeder" என்று அனுப்பலாம், வீட்டில் பேரப்பிள்ளை படித்துச் சொல்வதாக இருந்தால். படிக்க ஆளில்லாத வீட்டுக்குப் போன்தான் போடணும், அங்கே எஸ்.எம்.எஸ். அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கக் கூடாது.

இன்னொன்று. கம்பெனி விளம்பரங்கள் வந்து குவிவதால் பலர் எஸ்.எம்.எஸ்.ஸைத் திறப்பதே இல்லை. என் நம்பரை அவர்கள் போனில் 'இயற்கை குழு' என்று பதிந்து கொடுத்தேன். வேலை முடிந்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். மறுநாள் சாயங்காலம் வரை வராவிட்டால் நான் கூப்பிடுவேன். ரீசார்ஜ் முடிந்திருக்கலாம், மழை பெய்து வயல் மூழ்கியிருக்கலாம், நாற்று இன்னும் வேர் பிடிக்காமல் இருக்கலாம். தேதி மட்டும் தெரிந்த சேதிக்கு வயல் தெரியாது. வயல்காரர் சொன்னால் அடுத்த தேதிகளையும் தள்ளி எழுதிக்கொள்வேன்.

இருபது பேர் உள்ள குழுவுக்கு இது ஒருத்தர் வேலை. பட்டத்துக்கு நாலைந்து மணி நேரம் ஆகும். வாட்ஸப் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நாள் தவறினால் நஷ்டம் வரும் எந்த அறிவிப்பையும் அதில் மட்டும் போட்டுவிட்டு "எல்லாருக்கும் சொல்லியாச்சு" என்று குழுக்கள் கணக்கு எழுதக் கூடாது. அடுத்த கூட்டத்தில் பட்டன் போன் வைத்திருப்பவர்கள் யார் யார் என்று கேட்டு, அந்தப் பட்டியலை முதலில் எழுதுங்கள். நட்ட தேதியைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.