கூரை யாருடையது?



கோவையிலிருந்து ஒரு வாசகர் எழுதிய கடிதம் சில நாட்களாக என் மேஜையிலேயே கிடக்கிறது. தொழிற்சாலைக் கூரைகளில் சோலார் பேனல் அமைத்துக் கொடுப்பவர். அவரையும் சேர்த்து மூன்றே பேர். திருப்பூர் பக்கம் ஒரு பின்னலாடைக் கம்பெனியின் பர்ச்சேஸ் ஆபீசர் அவரைக் கூப்பிட்டு, "100 கிலோவாட்டுக்கு ஒரு கொட்டேஷன் போடுங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்" என்றிருக்கிறார்.

இவரும் அரை நாள் போய்க் கூரையை அளந்தார். தண்ணீர்த் தொட்டியின் நிழல் எந்த நேரத்தில் எங்கே விழும் என்று பார்த்தார். இரண்டு ராத்திரி உட்கார்ந்து பேனல் வரிசையை வரைந்து, இன்வெர்ட்டருக்கும் ஸ்ட்ரக்சருக்கும் விலை கேட்டு, போட்ட பணம் எத்தனை வருடத்தில் திரும்பும் என்ற கணக்கோடு 22 பக்கம் அனுப்பினார். மொத்தம் 14 மணி நேரம். மூன்று வாரம் பதில் இல்லை. "என் ரேட் அதிகமோ?" என்று கேட்கிறார்.

ரேட்டில் ஒன்றும் தப்பில்லை. கடிதத்தின் கடைசிப் பாராவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தார்: கட்டடம் வாடகையாம், குத்தகை இன்னும் 3 வருடம் பாக்கியாம். கணக்கைப் போட்டுப் பாருங்கள். நம் ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். 100 கிலோவாட்டுக்கு வருடம் 1.4 லட்சத்துச் சொச்சம் யூனிட். யூனிட்டுக்கு ஏழரை ரூபாய் மிச்சம் என்று வைத்தால் வருடம் ஏறக்குறைய பதினொரு லட்சம். செலவு 47 லட்சம் என்றால், போட்டது திரும்பி வர நாலேகால் வருடத்துக்கு மேல் ஆகும். 3 வருடத்தில் காலி செய்யப்போகிறவர் இதை எப்படி வாங்குவார்? "கட்டடம் சொந்தமுங்களா?" என்று போனிலேயே கேட்டிருந்தால் அந்த 14 மணி நேரமும் மிஞ்சியிருக்கும்.

விற்பனைக்காரர்கள் இதற்கு நான்கு கேள்வி வைத்திருக்கிறார்கள். பணம் இருக்கிறதா, முடிவு செய்பவர் யார், தேவை உண்மையா, எப்போது வேண்டும். ஆங்கிலத்தில் அவற்றின் முதலெழுத்துகளைக் கூட்டி 'பான்ட்' என்பார்கள். ஐ.பி.எம். கம்பெனியின் விற்பனைப் பிரிவிலிருந்து வந்ததாகச் சொல்வது வழக்கம். அதில் பணம்தான் முதல் எழுத்து. ஆனால் நம் ஊரில் எடுத்த எடுப்பில் "பட்ஜெட் எவ்வளவு?" என்று கேட்டால், நம் பையைத் துழாவுகிறான் என்றுதான் எதிராளி நினைப்பார். அதனால் தேவையில் தொடங்குவதே நல்லது.

சோலாரில் தேவையைக் காட்டுவது ஈ.பி. பில். 12 மாத பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். மாதம் எத்தனை யூனிட் ஓடுகிறது, அனுமதித்த லோடு எவ்வளவு என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். தேவை உள்ளவர் அன்று மாலைக்குள் அனுப்பிவிடுவார். "அதெல்லாம் எதுக்குங்க, நீங்க ரேட்டை மட்டும் சொல்லுங்க" என்று இழுப்பவர், பெரும்பாலும் வேறொருவரிடம் வாங்க முடிவு செய்துவிட்டு, ஃபைலில் மூன்று கொட்டேஷன் இருக்க வேண்டுமே என்பதற்காக உங்களைக் கூப்பிட்டவர். பேனலின் மேக், வாட், இன்வெர்ட்டர் மாடல் வரை அவரே எழுதிக் கொடுத்தால் சந்தேகமே வேண்டாம், அது இன்னொருவர் கொட்டேஷனைப் பார்த்து எழுதியது. அப்படிப்பட்டவருக்கு ஒரு பக்கத்தில் ரேட்டை எழுதி அனுப்பினால் போதும்.

அடுத்து, முடிவு செய்பவர் யார் என்பது. கேட்கக் கூச்சமான கேள்வி இதுதான், அதிகம் சறுக்குவதும் இதில்தான். நானும் சறுக்கியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கடையின் மேனேஜருக்காக ஒரு சிறப்பிதழுக்கே திட்டம் போட்டு, டம்மி பக்கம் வரை அடித்துக்கொண்டு போனேன். பார்த்துப் பார்த்து ரசித்தார், காபி வரவழைத்தார். பிறகு, "எங்க முதலாளி பத்திரிகை விளம்பரமே கொடுக்கிறதில்லைங்களே" என்றார். அவர் மேல் குற்றமில்லை. நான் கேட்கவே இல்லை.

"நீங்கதான் முடிவு பண்ணுவீங்களா?" என்று நேராகக் கேட்டால் எவரும் ஆமாம் என்றுதான் சொல்வார். இல்லை என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? அதனால் நடந்ததைக் கேளுங்கள்: "போன தடவை ஜெனரேட்டர் வாங்கினீங்களே, அதை எப்படிங்க முடிவு பண்ணினீங்க?" பதிலில் எல்லோரும் வந்துவிடுவார்கள். பையன் பார்த்து வந்தான், ஆடிட்டர் கணக்குப் போட்டார், அப்பா சரி என்றார். குடும்பக் கம்பெனியில் அந்த அப்பாவுக்குத் தனி மேஜைகூட இருக்காது, ஆனால் செக் அவர் கையெழுத்தில்தான் போகும். "கூரையைப் பார்க்க வரும்போது அப்பாவும் இருந்தா பத்து நிமிஷம் பேசிடலாமுங்க" என்று சொல்லிப் பாருங்கள். அதற்குச் சம்மதித்தால் போகலாம்.

பணத்தைக் கேட்பதைவிட, நாமே ஒரு வீச்சைச் சொல்லிவிட்டுச் சும்மா இருப்பது எளிது. "இந்த அளவுக்கு 45 லிருந்து 50 லட்சம் வரைக்கும் வருமுங்க." அதிர்ச்சியா, பேரமா, "லோன் கிடைக்குங்களா?" என்ற கேள்வியா என்பது அடுத்த வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். பணம் இல்லை என்றாலும் உடனே போனை வைத்துவிட வேண்டாம். முதலீட்டாளர் ஒருவர் செலவில் பேனல் போட்டு, கம்பெனி யூனிட்டுக்கு இவ்வளவு என்று கட்டும் ஏற்பாடும் உண்டு. அதற்கு எழுதும் புரபோசலே வேறு.

காலம் பற்றிக் கேட்டால் எல்லோரும் "சீக்கிரம்" என்பார்கள். அதை நம்ப முடியாது. "ஆறு மாசம் தள்ளிப்போனா உங்களுக்கு என்னங்க நஷ்டம்?" என்று கேளுங்கள். சோலாருக்கு வருமான வரியில் 40 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம். அந்த நிதியாண்டில் 180 நாளாவது ஓடியிருக்க வேண்டும், குறைந்தால் பாதிதான். ஆகவே "செப்டம்பருக்குள்ள ஓடணும்னு ஆடிட்டர் சொல்லிட்டாருங்க" என்பவரிடம் நிஜமான தேதி இருக்கிறது. மின்வாரிய அனுமதிக்கும் மின் ஆய்வாளர் சான்றுக்கும் ஆகும் நாட்களைக் கழித்துவிட்டு, எப்போது ஆர்டர் கொடுத்தாக வேண்டும் என்று அவரோடு உட்கார்ந்தே பின்னோக்கி எண்ணலாம். "வெள்ளிக்கிழமைக்குள்ள" என்றவருக்கு ஏன் வெள்ளிக்கிழமை என்று கேட்டால் பதில் இருந்திருக்காது.

நான்குக்கும் நல்ல பதில் வந்தால்தான் எழுதுவேன் என்று விறைத்துக்கொள்ளவும் வேண்டாம். புதிதாக யோசிக்கத் தொடங்கியவரிடம் பட்ஜெட்டும் இருக்காது, தேதியும் இருக்காது. தேவை நிஜமாக இருந்து, முடிவு செய்பவரும் பேசத் தயாராக இருந்தால், மற்ற இரண்டும் பேச்சில் உருவாகும். தேவையே இல்லாத இடத்தில் பணம் கொட்டிக் கிடந்தாலும் அது நமக்கு வராது.

இதையெல்லாம் அந்தக் கோவை வாசகருக்கு எழுதியிருந்தேன். போன வாரம் போனில் பேசினார். அவிநாசியிலிருந்து ஒரு அழைப்பு வந்ததாம், இருபது நிமிடம் பேசினாராம். கட்டடம் சொந்தம்தான், ஆனால் கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ். அதை மாற்றுவது பற்றி அண்ணன் தம்பி இருவருக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை. "ஒரு பக்கத்துல தோராயமா எழுதி அனுப்பிட்டேன் சார். தீபாவளி கழிச்சுக் கூப்பிடச் சொல்லியிருக்காங்க" என்றார். அன்று சாயங்காலம் ஏழு மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டாராம்.

அன்புடன்,
ஆசிரியர்