பிரஷர் 62640!

நண்பர் எழுதிய ஆப், அவருடைய மாமனாரின் பிரஷரை 62640 என்று காட்டியது. மாமனார் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார். கையில் பட்டி கட்டியிருந்த ப்ளூடூத் கருவியின் திரையிலோ சமர்த்தாக 120. யார் பொய் சொல்வது?

கருவி இல்லை சார். பொது விதிப்படி நடக்கும் பிரஷர் கருவி, அளவை 2A35 என்ற கேரக்டரிஸ்டிக்கில் வைத்திருக்கும். 'கொடு' என்று கேட்டால் கொடுக்காது. அதோடு ஒட்டியிருக்கும் 2902-ல் 02 00 என்று எழுதி வைத்தால், அளந்து முடித்ததும் தானே அனுப்பும். இதுவரை நண்பர் சரி.

வந்ததில் முதல் பைட் வெறும் குறிப்பு. அடுத்த இரண்டும் மேல் பிரஷர்: B0 F4. சின்ன பைட் முன்னால் வருவதால் திருப்பிப் போட்டால் F4B0. இதை ஒரே எண்ணாகப் படித்தால்தான் 62640! உண்மையில் F தனி ஆள், பத்தின் அடுக்கு. இங்கே அது −1. மிச்சமுள்ள 4B0 என்பது 1200. பத்தால் வகுத்தால் 120, ஆச்சு.

அடுக்கை 0 என்று அனுப்பும் கருவியில் தப்பான ஆப்பும் சரியாகவே காட்டித் தொலைக்கும். அதனால் B0 F4-ஐ நீங்களே கொடுத்துச் சோதியுங்கள்.

அப்படியே 07FF-ஐயும். கணக்குப்படி 2047, அர்த்தப்படி 'அளவு கிடைக்கலை'. அங்கே எண்ணைக் காட்டாமல், மறுபடி அளக்கச் சொல்லணும். 2047 பிரஷருக்கு டாக்டர் வேண்டாம், ப்ரோக்ராமர் போதும்!