மண்டபத்துக்குள் எத்தனை பேர்?

கல்யாண மண்டபத்தில் 500 பேருக்கு மேல் கூடாது. இரண்டு வாசலிலும் வருவோரையும் போவோரையும் தனித்தனியாக எண்ணுகிறார்கள் என்று வையுங்கள். இரவு 7 மணிக்கு முன்வாசலில் வந்தவர்கள் 412, போனவர்கள் 67. பக்கவாசலில் வந்தவர்கள் 138, போனவர்கள் 21. மொத்தம் 550-இல் 88 போனால், உள்ளே 462.

ஆனால் வரிசை வரிசையாகத் தலையை எண்ணினால் 480! சமையற்கட்டுக் கதவு வழியே வந்தவர்கள் கணக்கில் இல்லை. போகிறவரை எண்ணத் தவறினால் கணக்கு கூடும், பாதகமில்லை. வருகிறவரைத் தவறவிட்டால் கணக்கு குறையும், ஆபத்து அதில்தான்.

அவசர வழி என்பதால் அந்தக் கதவைப் பூட்டக் கூடாது. அங்கும் ஓர் ஆளை நிறுத்தி, 480-இலிருந்து கணக்கைத் தொடர வேண்டும். 490 ஆனதுமே, ஒருவர் வெளியேறினால்தான் ஒருவருக்கு அனுமதி. எல்லோரும் போனபின் கணக்கு பூஜ்யமாக வேண்டும். மீதி நின்றால், எங்கோ எண்ணிக்கை தவறியிருக்கிறது.