கடைசிப் பதின்மூன்று வாரங்கள்: ஆய்வேடு எழுதுவோரின் கோரிக்கைச் சாசனம்

இரணைமடுக் குளத்தின் கீழுள்ள வயல்களில் தரவு சேகரித்து, அறிவியல் நகரிலும் அதன் அயலிலும் தங்கி ஆய்வேடு எழுதும் மாணவர்களாகிய நாங்கள், மேற்பார்வையாளர்களுக்கும் துறைத் தலைவர்களுக்கும் பீடச் சபைகளுக்கும் இந்தக் கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

காலபோக நெல்லில் ஆய்வு செய்பவருக்கு அறுவடை பெப்ரவரியில் முடிகிறது. மே 31 சமர்ப்பிப்பு நாள் என்றால் இடையில் இருப்பவை பதின்மூன்று வாரங்கள். நாட்காட்டியில் அந்தக் கடைசித் தேதி மட்டுமே இருக்கிறது. எந்த அத்தியாயத்தை எப்போது கொடுப்பது, கொடுத்தது எப்போது திரும்பி வரும் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. மார்ச்சில் கொடுத்த அத்தியாயம் மே நடுப்பகுதியில் திரும்பி வந்து, பகுப்பாய்வையே மாற்றச் சொன்னால் அதைச் செய்ய நேரமில்லை.

இரணைமடுவில் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதை ஆசையை வைத்துத் தீர்மானிப்பதில்லை. குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று பார்த்து, விவசாயிகளும் அதிகாரிகளும் ஒன்றாக இருந்து கூட்டத்தில் முடிவெடுக்கிறார்கள். விதைக்கும் திகதியும் தண்ணீர் நிறுத்தும் திகதியும் அங்கேயே எழுதப்படுகின்றன. எங்களுக்கும் அப்படியொரு கூட்டம் மார்ச் முதல் வாரத்தில் வேண்டும். இதுவே எமது முதற் கோரிக்கை. அந்தக் கூட்டத்தில் மாணவரும் மேற்பார்வையாளரும் அத்தியாயங்களின் உபதலைப்புகள்வரை எழுதி ஒப்பமிட வேண்டும். தரவுத் தொகுப்பும் அன்றே மூடப்பட வேண்டும். அதன் பிறகு புதிய அளவீடு எதுவும் சேராது.

இரண்டாவது கோரிக்கை, வாராந்த இலக்கு. ஒரு மாணவியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அவருடைய ஆய்வேடு ஏறக்குறைய 15,000 சொற்கள். ஆய்வு முன்மொழிவில் எழுதிய முறையியலும் இலக்கிய மீளாய்வும் 4,000 சொற்கள் தரும். ‘செய்யப்படும்’ என்று இருந்ததையெல்லாம் ‘செய்யப்பட்டது’ என்று திருத்தினால் அவை பயன்படும். மிச்சம் 11,000. முதல் வாரம் திட்டத்துக்குப் போகிறது. ஏழாம் வாரம் சித்திரைப் புத்தாண்டு. அந்த வாரத்தில் யாரும் எழுதப்போவதில்லை என்பதை ஒளிக்காமல் திட்டத்திலேயே வெறுமையாக விடவேண்டும். பத்தாம் வாரத்தில் முழு வரைவு கையளிக்கப்பட வேண்டும். ஆக எழுதக் கிடைப்பவை ஏழு வாரங்கள். வாரத்துக்கு 1,600 சொற்கள், ஐந்து நாட்களுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 320. ஆறாவது நாள் அட்டவணைகளையும் மேற்கோள்களையும் சரிபார்க்க.

எழுதும் வரிசையும் முக்கியம். இரண்டாம் வாரம் முதல் நான்காம் வாரம்வரை பெறுபேறுகள், அதுவும் அட்டவணையும் வரைபும் முதலில். ஐந்து, ஆறு, எட்டாம் வாரங்களில் கலந்துரையாடல். அறிமுகமும் முடிவுரையும் ஒன்பதாம் வாரத்தில். அறிமுகத்தை முதலில் எழுதச் சொல்லி மாதக்கணக்கில் திருத்துவது பயனற்ற வேலை, ஏனென்றால் பெறுபேறு தெரிந்த பிறகு அதை மீண்டும் எழுதத்தான் வேண்டும்.

மூன்றாவது கோரிக்கையை நாங்கள் மிகவும் வலியுறுத்துகிறோம்: நான்காம் வார முடிவில் ஒரு கட்டாயச் சந்திப்பு, அதில் ஆய்வின் எல்லையைக் குறைக்கும் அதிகாரத்தோடு. அதே மாணவியையே பார்ப்போம். வயலில் எப்போதும் தண்ணீர் கட்டுவதையும், மாறிமாறி நனைத்து உலரவிடுவதையும் அவர் ஒப்பிடுகிறார். மண்ணில் புதைத்த துளையிட்ட குழாயில் நீர்மட்டம் நிலத்துக்குக் கீழே 15 சென்ரிமீற்றருக்கு இறங்கியதும் மீண்டும் தண்ணீர் பாய்ச்சுவது முறை. ஆனால் காலபோகத்தில் வடகீழ்ப் பருவமழை பெய்கிறது. மழை தொடர்ந்தால் உலரவிட வேண்டிய பாத்திகளிலும் தண்ணீர் நிற்கும். குழாயின் மட்டம் இறங்காது. மாறற்றிறன் பகுப்பாய்வு செய்தால் இரண்டு முறைகளுக்கும் நீர்ப் பாவனையில் பொருளுள்ள வேறுபாடு வராமல் போகலாம்.

இந்த இடத்தில்தான் எழுத்து நின்றுபோகிறது. வெளியே தெரியும் அறிகுறி ஒன்று உண்டு: இரண்டு வாரம் தொடர்ந்து இலக்கின் பாதியைக்கூட எட்டாமை. அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் தரவு ஒன்றைச் சொல்கிறது, முன்மொழிவு வேறொன்றை எதிர்பார்த்தது, இரண்டுக்கும் நடுவில் மாணவர் தனியாக நிற்கிறார் என்பதே அதன் பொருள். மேற்பார்வையாளர் அந்தச் சந்திப்பில் மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும். வேறுபாடு இல்லை என்பதையே பெறுபேறாக எழுதி மழை அளவோடு விளக்கலாம். நீர்ச் சேமிப்பு என்ற குறிக்கோளைக் கைவிட்டு விளைச்சலையும் நெற்பயிரின் மட்டங்களையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். அல்லது சிறுபோகத்தில் மறுபடி செய்து சமர்ப்பிப்பைத் தள்ளிவைக்கலாம். அப்படியானால் அதை மார்ச் மாதத்திலேயே எழுத்தில் தரவேண்டும். மே மாதத்தில் ‘இன்னொரு போகம் செய்தால் நல்லது’ என்று சொல்வதை நாங்கள் ஏற்கமாட்டோம்.

திருத்தம் திரும்பும் காலத்துக்கு எல்லை வேண்டும். அத்தியாயத்துக்கு ஐந்து வேலைநாட்கள், முழு வரைவுக்குப் பத்து. முழு வரைவு பத்தாம் வாரத் திங்களன்று கையளிக்கப்பட்டால் பதினோராம் வார முடிவில் திரும்ப வேண்டும். அந்த இரண்டு வாரத்தில் நாங்கள் சுருக்கத்தையும் உசாத்துணைப் பட்டியலையும் பின்னிணைப்புகளையும் முடிப்போம். பன்னிரண்டாம் வாரத்தில் மே 18 வருகிறது. வன்னியில் ஏறக்குறைய எல்லா வீடுகளுக்கும் அது நினைவேந்தும் நாள். அன்று எந்தச் சந்திப்பும் காலக்கெடுவும் வைக்கக்கூடாது.

இரண்டு மேற்பார்வையாளர்கள் இருந்தால், ஒருவர் பல்கலைக்கழகத்திலும் மற்றவர் வெளி ஆய்வு நிலையத்திலும் என்றால், கருத்துகளைத் தமக்குள் பேசி ஒரே பிரதியில் தாருங்கள். ஒருவர் வெட்டியதை மற்றவர் திரும்பச் சேர்க்கச் சொல்லும்போது நடுவராக இருக்க மாணவரால் இயலாது. ஒவ்வொரு குறிப்பும் ‘சமர்ப்பிக்குமுன் கட்டாயம்’ அல்லது ‘பின்னர் கட்டுரையாக்கும்போது’ என்று பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். பத்தாம் வாரத்துக்குப் பின் புதிய பகுப்பாய்வு கேட்பது முதல் வகைக்குள் வரக்கூடாது, கணக்கில் பிழை கண்டாலன்றி. கடைசி வாரம் ஒப்புமைச் சோதனைக்கும் பக்க அமைப்புக்கும் அச்சுக்கும் கட்டுதலுக்கும் மட்டுமே உரியது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்துபோகும் மேற்பார்வையாளர்களின் சிரமம் எமக்குத் தெரியும். ஒவ்வொரு சந்திப்பும் நேரில்தான் நடக்க வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. முதலாம், நான்காம், பதினோராம் வாரச் சந்திப்புகள் நேரில் நடந்தால் போதும். மற்றவை தொலைபேசியில் அரை மணி நேரம்.

எங்கள் பக்கக் கடமையையும் எழுதித் தருகிறோம். வெள்ளி மாலைக்குள் அந்த வாரம் எழுதியது, முழுமையற்றதாயினும், மேற்பார்வையாளருக்குப் போய்ச் சேரும். சந்திப்பில் தீர்மானித்ததை மறுநாளே அரைப் பக்கத்தில் எழுதி அனுப்புவோம். வயற் குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து இரண்டு இடங்களில் வைப்போம். 2018 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊரில் ஒரே பிரதியை நம்பியிருக்க முடியாது.

பீடச் சபைகள் இந்தச் சாசனத்தை அடுத்த கூட்ட நிகழ்ச்சி நிரலில் சேர்க்க வேண்டும். ஏற்பவற்றையும் மறுப்பவற்றையும் காரணத்தோடு, அறுவடை முடியுமுன், பெப்ரவரி நடுப்பகுதிக்குள் எமக்கு எழுத்தில் அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.